முடியாத பாரில் வெட்டிக்கொள்ளும் கோடுகள்

பங்குச் சந்தையில் அன்றாடம் வியாபாரம் செய்வோரின் திரைகளில் ஸ்டாக்காஸ்டிக் ஆசிலேட்டர் பெற்றிருக்கும் இடம் சாமானியமானதல்ல. சிகாகோ வட்டாரத்தில் 1950களில் ஜார்ஜ் லேன் என்பவரால் பிரபலமடைந்த இந்தக் கருவி கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கடந்த 14 பார்களில் விலை எட்டிய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே தற்போதைய விலை எந்த உயரத்தில் நிற்கிறது? அந்த உயரத்தை நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும் கோடு %K. அதன் கடைசி மூன்று மதிப்புகளின் சராசரி %D. முன்னது பின்னதைக் கீழ்நோக்கி வெட்டினால் விற்கவேண்டும், மேல்நோக்கி வெட்டினால் வாங்கவேண்டும் என்பது கிராஸ்ஓவர் முறை. அந்த வெட்டை, பார் முடியும்வரை பொறுத்திராமல், அது உருவாகிக்கொண்டிருக்கும்போதே ஏற்றுச் செயல்படுவது இன்று பலரிடம் ஊன்றிவிட்ட வழக்கம்.

இவ்வழக்கத்தைக் கண்மூடித்தனம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுவது நியாயமாகாது. விலை ஒரு மேல்வரம்புக்கும் கீழ்வரம்புக்கும் இடையே நாள் முழுவதும் ஊசலாடும்போது, 100 ரூபாய்க்கும் 110 ரூபாய்க்கும் நடுவே என்று வைத்துக்கொண்டால், கணக்கின் இரு எல்லைகளும் ஏறக்குறைய ஸ்திரமாக நிற்கின்றன. ஆகவே %K இறங்கிற்று என்றால் விலை இறங்கிற்று என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தமில்லை. அத்தகைய சந்தையில் பார் முடியக் காத்திருப்பவர் 109 ரூபாயில் விற்றிருக்கவேண்டியதை 107 ரூபாயில் விற்க நேரிடலாம். பத்து ரூபாய் அகலமே உள்ள களத்தில் இரண்டு ரூபாய் என்பது லாபத்தில் கணிசமான பங்கு. அவசரத்துக்கு அங்கே ஒரு நியாயம் உண்டு.

விபரீதம் தொடங்குவது, விலை ஒரே திசையில் ஓட ஆரம்பித்த பிறகு. அதன் மூலகாரணத்தை அறிய, வெட்டு என்பது கணிதத்தில் என்ன என்று பார்க்கவேண்டும். %D என்பதில் தற்போதைய %K-யும் மூன்றிலொரு பங்காக அடங்கியிருப்பதால், அதைக் கழித்துப் பார்த்தால், %K தன் சராசரிக்குக் கீழே இருக்கிறது என்பதும், முந்தைய இரண்டு மதிப்புகளின் சராசரிக்குக் கீழே இருக்கிறது என்பதும் ஒன்றேயாகும். முந்தைய இரண்டும் 96, 95 என்றிருந்தால், இந்தப் பாரில் 95.5-க்குக் கீழே வந்தாலே போதும். விற்பனைச் சமிக்ஞை பிறந்துவிடும். நூற்றுக்கு 95 என்ற உயரத்தில் நிற்கும் ஒரு பங்கைப் பார்த்து "பலவீனமடைந்தது" என்று எந்த மனிதனும் சொல்லமாட்டான், கோடுகளோ சொல்லிவிடுகின்றன.

ஒரு கற்பனைக் கணக்கைச் சற்றுப் பொறுமையாகத் தொடர்ந்து செல்வோம். ஐந்து நிமிட பார்கள், பங்கு ஏறுமுகம். 14 பார்களின் தாழ்வு 100 ரூபாய், உச்சம் 120, முடிந்த விலை 119. %K 95, அதற்கு முந்தையது 96, அதற்கும் முந்தையது 90. கோடு சராசரிக்கு மேலே இருக்கிறது. புதிய பார் அதே 119 ரூபாயில் தொடங்குகிறது. ஆனால் 100 ரூபாய் தாழ்வைக் கொண்டிருந்த மிகப் பழைய பார் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டது. இப்போது தாழ்வு 102. விலை ஒரு பைசாகூட அசையவில்லை, எனினும் %K 17-ஐ 18-ஆல் வகுத்த 94.4 ஆகிறது, விற்பனை வெட்டு தோன்றிவிட்டது. அடுத்த நிமிடம் விலை 122-க்கு ஏறுகிறது. புதிய உச்சத்தில் நிற்கும் விலைக்கு %K எப்போதும் 100 என்பதால் வெட்டு மறைகிறது. 121-க்கு நழுவுகிறது: 95, மீண்டும் வெட்டு. 121.50: 97.5, வெட்டு இல்லை. உச்சத்திலிருந்து வெறும் 90 பைசா கீழே, 121.10 என்ற விலையில் ஒரு கண்ணுக்குத் தெரியாத கோடு கிடக்கிறது. விலை அதைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் சமிக்ஞை பிறந்து சாகிறது. வலுவான ஏற்றத்தில் ஒவ்வொரு பாரும் புதிய உச்சம் தொட்டுச் சிறிது பின்வாங்குவது இயல்பாகையால், இந்த நாடகம் பார்தோறும் அரங்கேறும்.

முடிவில் அந்தப் பார் 120.60-ல் நிறைவடைகிறது என்று கொள்வோம். %K 93, %D 94.7. இப்போது வெட்டு உறுதியான வெட்டு. கவனிக்கவேண்டியது, முந்தைய முடிவுவிலையைவிட விலை 1.60 ரூபாய் ஏறியிருக்கிறது என்பதே! அடுத்த பாரில் தாழ்வு 103, உச்சம் 125, முடிவு 124.80 என்றாகி %K 99-ஐத் தொடும்போது, 120.60-ல் ஷார்ட் போனவர் பங்குக்கு 4.20 ரூபாய் நஷ்டத்தில் நிற்கிறார். அளக்கும் கோலே மேலே நகர்ந்துகொண்டிருக்கையில், அதைக்கொண்டு அளக்கப்பட்ட பொருள் தாழ்ந்துவிட்டதாகத் தோன்றியது, அவ்வளவுதான் நடந்தது.

ஆகவே இங்கே இரண்டு குறைகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. இம்முறையை விமர்சிப்போர் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே காண்கிறார்கள். முதலாவதான, பார் முடியுமுன் தோன்றி மறையும் சஞ்சலத்துக்குப் பரிகாரம் எளிது: ட்ரேடிங்வியூவில் எச்சரிக்கையை Once Per Bar Close என்று வைக்கலாம், அல்லது நிபந்தனையில் ஒரு சொல்லைச் சேர்க்கலாம்.

```
k = ta.stoch(close, high, low, 14)
d = ta.sma(k, 3)
sell = ta.crossunder(k, d) and barstate.isconfirmed
```

ஆனால் இரண்டாவது குறையான, எல்லைகள் நகர்வதால் 120.60-ல் வந்த பொய்ச் சமிக்ஞை இந்த நிபந்தனையைத் தாராளமாகத் தாண்டி வந்துவிடும் என்பதை மறக்கலாகாது. மேலும், மறைந்த வெட்டுகள் சார்ட்டில் எந்தத் தடயத்தையும் விட்டுவைப்பதில்லை. மாலையில் பழைய சார்ட்டைத் திறந்து சமிக்ஞைகளை எண்ணிப் பார்ப்பவருக்கு முடிந்த பார்களின் வெட்டுகள் மாத்திரமே தென்படும். காலையில் அவரை நான்கு தடவை ஏமாற்றிய வெட்டுகள் இருந்த சுவடே இராது. இந்தக் கருவிக்கு இருக்கும் நற்பெயரில் ஒரு பகுதி இவ்வாறு சம்பாதிக்கப்பட்டது என்பது என் அபிப்பிராயம்.

கோடுகளை இன்னொரு தடவை சராசரியாக்கி மெதுவாக்கும் ஸ்லோ ஸ்டாக்காஸ்டிக் நடுக்கத்தைக் குறைக்கிறது. எல்லைகள் நகர்வதால் விளையும் மாயையை அது தீர்ப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. லேன் கூட, வெட்டைவிட, விலையும் %D-யும் எதிரெதிர்த் திசையில் செல்லும் டைவர்ஜென்ஸுக்கே அதிக முக்கியத்துவம் கொடுத்தார். 14 பார்களின் தாழ்வு அடிக்கடி உயர்ந்துகொண்டே இருக்க, %D 80-க்கு மேலேயே தங்கிவிட்டது என்றால், அதைக் களைப்பின் அறிகுறியாகக் கொள்ளாமல் ஓட்டத்தின் அறிகுறியாகக் கொண்டு, கீழ்நோக்கிய வெட்டுகளைப் புறக்கணித்து, ஏற்றத்துக்கு இசைந்த மேல்நோக்கிய வெட்டுகளை மட்டும் ஏற்பதே யுக்தமானது. வெளியேறுவதை விலையின் முந்தைய தாழ்வுக்குக் கீழே வைக்கும் ஸ்டாப்லாஸிடம் விட்டுவிடலாம். ஏறுமுகத்தில் %K 20-க்குக் கீழே வரும் என்று காத்திருப்பவர் வண்டியைத் தவறவிடுவார் என்பதால், 40, 50 வரை இறங்கித் திரும்பினாலே போதும் என்று கொள்ளவேண்டியிருக்கிறது.

இதற்கும் ஒரு விலை உண்டு. 2020 அக்டோபர் இறுதியில் 11,600 அளவில் இருந்த நிஃப்டி, டிசம்பர் கடைசி நாளில் 14,000-ஐத் தொட்டது. அந்த இரண்டு மாதங்களில் விற்கச் சொன்ன வெட்டுகளை நம்பி ஷார்ட் போனவர்களுக்கு லாபம் கிடைக்கக்கூடிய நாட்கள் வெகு சொற்பம். ஆயினும் டிசம்பர் 21 அன்று, இங்கிலாந்தில் புதிய வகைக் கொரோனா பரவுகிற செய்தியால், சந்தை ஒரே நாளில் மூன்று சதவீதத்துக்கு மேல் சரிந்தது. வெட்டுகளைப் புறக்கணித்திருந்தவர் அந்தச் சரிவை முழுவதுமாகத் தாங்கினார். ஸ்டாப்லாஸ் அடிபட்டு வெளியேறியவரோ, ஒரு வாரத்துக்குள் குறியீடு பழைய உயரத்தைக் கடந்து சென்றதை வெளியே நின்று பார்த்தார். ஏற்றத்தை முடித்துவைக்கும் கடைசி வெட்டுக்கும் அதற்கு முன் வந்த பொய் வெட்டுகளுக்கும் ஸ்டாக்காஸ்டிக்கின் கணக்குக்குள் எந்த வேறுபாடும் கிடையாது. இரண்டும் முந்தைய இரு மதிப்புகளின் சராசரிக்குக் கீழே விழுந்த ஒரு %K, அவ்வளவே.