டிஸ்க் கொடுத்த வாக்குறுதி

வேளச்சேரி–தாம்பரம் சாலையில் ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் இருக்கும் மருந்துக்கடைகளிலும் மளிகைக்கடைகளிலும் பில் போடும் கம்ப்யூட்டர் பெரும்பாலும் பழையது. வேகம் குறைந்துவிட்டது என்றால், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு விலை குறைந்த ஒரு எஸ்.எஸ்.டி.யை மாட்டிக் கொடுப்பது வழக்கம். வேகம் உண்மையிலேயே கூடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை மாலையில் கரண்ட் போய், நாலைந்து விநாடியில் திரும்பி வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. 31ஆம் எண் பில் அச்சாகி வாடிக்கையாளர் கையில் இருக்கும். கம்ப்யூட்டரைத் திறந்தால் கணக்கு 27ஆம் பில்லோடு நிற்கும். மென்பொருளின் மேல் பழி விழும். அது தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கக்கூடும்.

அந்த வேலையின் பெயர் `fsync`. 1983இல் 4.2பிஎஸ்டி யூனிக்ஸில் வந்த இந்த அழைப்புதான் இன்றும் பல டேட்டாபேஸ்களுக்கு அடித்தளம். ஒரு நிரல் கோப்பில் எழுதும்போது, அது முதலில் கம்ப்யூட்டரின் நினைவகத்துக்குத்தான் போகிறது. லினக்ஸில் வழக்கமான அமைப்புப்படி, மாறிய பக்கம் ஏறத்தாழ 30 விநாடி வரை அங்கேயே கிடக்கலாம். `fsync` அந்தக் காத்திருப்பை வெட்டுகிறது: இந்தக் கோப்பின் மாற்றங்களை இப்போதே டிஸ்க்குக்கு அனுப்பு, டிஸ்க் தன் கேஷையும் நிரந்தர இடத்தில் எழுதட்டும், எழுதி முடித்ததாக அது சொல்லும்வரை என்னைக் காக்க வை. டேட்டாபேஸ் பில்லை முதலில் லாக் கோப்பில் எழுதி, `fsync` முடிந்த பிறகே பதிவானதாக அறிவிக்கிறது.

இந்த ஏற்பாட்டின் பலத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. இயங்குதளம் உறைந்து போனாலும், யாராவது ரீசெட் பொத்தானை அழுத்தினாலும், `fsync` முடிந்த பதிவு பிழைத்துவிடும். டிஸ்க்குக்கு மின்சாரம் போய்க்கொண்டுதானே இருக்கிறது. இழப்பின் அளவும் அரை நிமிடத்து வியாபாரத்திலிருந்து டிஸ்க்கின் கேஷில் தங்கியிருக்கும் சொற்பப் பதிவுகளாகச் சுருங்கிவிடுகிறது. வேகத்துக்காக இதை அணைத்துவைக்கச் சொல்லும் ஆலோசனைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கடைக்கணக்கு இருக்கும் இயந்திரத்தில் அதைச் செய்வது தவறு.

பலவீனம், ஒப்பந்தத்தின் கடைசிக் கண்ணியில் இருக்கிறது. டிஸ்க்கின் பதிலை நம்புவதைத் தவிர கர்னலுக்கு வேறு வழியில்லை. அடுக்குமாடி வாட்ச்மேன் கையெழுத்துப் போட்டுப் பதிவுத்தபாலை வாங்கிக்கொண்டால், தபால்காரர் கணக்கில் அது சேர்ந்தாயிற்று. வீட்டுக்குள் போனதா என்பது அவருக்குத் தெரியாது.

டிஸ்க் ஏன் உண்மை சொல்லாமல் போகிறது? ஃபிளாஷின் இயல்பைப் பார்த்தால் புரியும். டேட்டாபேஸ் எழுதச் சொல்வது 4 கிலோபைட். ஃபிளாஷின் ஒரு பக்கமோ பொதுவாக 16 கிலோபைட். ஒரே செல்லில் மூன்று பிட் வைக்கும் மலிவான டிஎல்சி வகையில், மூன்று பக்கங்களைச் சேர்த்து எழுதுவதுதான் சிக்கனம். ஒவ்வொரு ஃபிளஷ் கட்டளைக்கும் உடனே எழுதினால் பக்கத்தின் பெரும்பகுதி வெறுமனே நிரப்பப்படும், ஃபிளாஷ் சீக்கிரம் தேயும், வேகச் சோதனையில் எண்ணும் குறையும். விலையும் வேகமும் மட்டுமே பார்த்து வாங்கப்படும் சந்தையில், கட்டளையை வாங்கிக்கொண்டு உடனே 'முடிந்தது' என்று சொல்லிவிட ஃபர்ம்வேர் எழுதுபவருக்குத் தூண்டுதல் இருக்கிறது.

பொய்யே சொல்லாத டிஸ்க்கிலும் ஆபத்து உண்டு என்பது பலருக்குத் தெரியாது. எந்தத் தரவு ஃபிளாஷில் எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபட அட்டவணை ஒன்று எஸ்.எஸ்.டி.க்குள் இருக்கிறது. அதன் புதிய பகுதி சேமிக்கப்படும் முன் மின்சாரம் அறுந்து, ஃபர்ம்வேரால் அதை மீட்டுக் கட்டவும் முடியாமல் போனால், தரவு ஃபிளாஷிலேயே இருந்தும் கைக்குக் கிடைக்காது. இன்னொன்றும் உண்டு. ஒரே செல்லைப் பகிர்ந்துகொள்ளும் பக்கங்களில் ஒன்றை நேற்றே எழுதி முடித்திருப்போம்; இன்று அதன் ஜோடிப் பக்கத்தை எழுதும்போது மின்சாரம் போனால், நேற்றைய பக்கமும் சேர்ந்து கெடலாம். பாதுகாப்பாகச் சேர்ந்துவிட்ட தரவு, பிறகு வந்த தரவால் அழிகிறது.

இவை வெறும் ஊகங்கள் அல்ல. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாய் ஜெங்கும் எச்.பி. ஆய்வகத்தாரும் ஐந்து நிறுவனங்களின் 15 எஸ்.எஸ்.டி.களை எழுதும்போதே மின்சாரத்தைத் துண்டித்துச் சோதித்து, முடிவுகளை 2013இல் ஃபாஸ்ட் மாநாட்டில் வெளியிட்டார்கள். 13 டிஸ்க்குகள் ஏதோ ஒரு வகையில் தவறின. சிலவற்றில் பிட்டுகள் கெட்டன, சிலவற்றில் ஒரு பதிவின் பாதி மட்டும் எழுதப்பட்டிருந்தது. ஒன்று அடியோடு செத்தது. முன்னால் எழுதியது தொலைந்து, பின்னால் எழுதியது நிலைத்ததும் நடந்தது. டேட்டாபேஸுக்கு மிகக் கொடியது இந்தக் கடைசி வகை. கடைசி நான்கு பில் தொலைந்தால் கையால் ஏற்றிவிடலாம். வரிசை மாறினால், லாக்கில் இல்லாத மாற்றம் அட்டவணையில் இருக்கும். இருப்புக் கணக்கு ஓசையில்லாமல் தவறும், அல்லது கோப்பே திறக்காது.

உங்கள் டிஸ்க் எந்த வகை என்று கண்டுபிடிக்க வழி உண்டு. முதலில் வேகத்தைப் பாருங்கள். போஸ்ட்கிரெஸ்ஸோடு வரும் `pg_test_fsync` ஒவ்வொரு `fsync`உம் எத்தனை மைக்ரோ விநாடி எடுக்கிறது என்று காட்டும். ஃபிளாஷில் ஒரு பக்கம் எழுதவே நூற்றுக்கணக்கான மைக்ரோ விநாடி ஆகும். கெப்பாசிட்டர் பாதுகாப்பு இல்லாத டிஸ்க் 30 மைக்ரோ விநாடியில் முடித்ததாகச் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் இது சந்தேகத்தை மட்டுமே எழுப்பும். உறுதி செய்ய, பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் எழுதிய `diskchecker.pl` வேண்டும். இரண்டாவது கம்ப்யூட்டரில் முதல் வரியை ஓடவிட்டு, சோதிக்கும் கம்ப்யூட்டரில் இரண்டாவது வரியைத் தொடங்குங்கள்:

```
diskchecker.pl -l
diskchecker.pl -s 192.168.1.20 create test_file 500
diskchecker.pl -s 192.168.1.20 verify test_file
```

ஒவ்வொரு `fsync` முடிந்ததும் அந்தச் செய்தி மற்ற கம்ப்யூட்டருக்குப் போகும். எழுதிக்கொண்டிருக்கும்போதே சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்க வேண்டும், ரீசெட் போதாது. மீண்டும் இயக்கி மூன்றாவது வரியைக் கொடுத்தால், வாக்குக் கொடுத்து இழந்தவை பிழைகளாக வரும். ஒரு தடவை தேறியது சான்றாகாது, பல தடவை செய்ய வேண்டும். கணக்கு இல்லாத வெற்று டிஸ்க்கில் மட்டுமே செய்யுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். அதைச் சாதாரண நிலையில் வைத்திருந்தால், மின்சாரம் மாறும் இடைவெளி கம்ப்யூட்டருக்கு அதிகம். எஸ்.எம்.பி.எஸ். தாக்குப்பிடிப்பது ஏறத்தாழ 16 மில்லி விநாடிதான். இன்வெர்ட்டரில் யு.பி.எஸ். நிலை என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் தனி யு.பி.எஸ். வாங்குங்கள், பேட்டரி செத்துவிட்டதா என்று அவ்வப்போது பாருங்கள். `hdparm -W 0` என்று கேஷை அணைப்பது பாதித் தீர்வு. எழுதும் வேகம் விழுகிறது, தேய்மானம் கூடுகிறது, ஜோடிப் பக்கச் சிக்கலும் அப்படியே இருக்கிறது.

சரியான தீர்வு, மின்சாரம் அறுந்தாலும் கேஷில் இருப்பதை எழுதி முடிக்கப் போதுமான கெப்பாசிட்டர்கள் கொண்ட எஸ்.எஸ்.டி. சர்வர்களுக்காக விற்கப்படும் வகைகளில் இது கிடைக்கிறது. விளம்பரத்தில் 'மின் இழப்புப் பாதுகாப்பு' என்று போட்டிருந்தாலும், ஏற்கெனவே ஃபிளாஷில் சேர்ந்த தரவை மட்டும் காக்கும் சிறிய ஏற்பாடாக அது இருக்கலாம். கேஷில் இருப்பதையும் காக்கிறதா என்று தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் பாருங்கள். கடைகளுக்குக் கம்ப்யூட்டர் அமைத்துக் கொடுக்கும் தம்பிகள் வேகத்தைச் சொல்லி விற்பதற்கு முன் இதைக் கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். விலை கட்டுப்படியாகாது என்றால், மலிவான எஸ்.எஸ்.டி.யோடு நல்ல யு.பி.எஸ். ஒன்றையும் சேர்த்தே விற்க வேண்டும்.