2.43 மீட்டர் வலைக்குக் கீழே ஐந்தாம் வகுப்பு

நம் பள்ளிகளில் சிறு வயதுப் பிள்ளைகள் ஆடும் வாலிபால் ஆட்டம் ஒன்றை முழுதாகப் பார்த்தால் ஒன்று புரியும். பெரும்பாலான புள்ளிகள் சர்வீஸிலேயே முடிந்துவிடுகின்றன. பந்து வலையில் மோதி விழுகிறது, அல்லது தப்பித்தவறி வலையைத் தாண்டினால் எதிர்ப்பக்கம் யாரும் தொடாமலே தரையில் விழுகிறது. ஒரு பந்து நான்கைந்து முறை வலையைக் கடந்து போய்வருவது அபூர்வம். பிள்ளைகளுக்குப் பயிற்சி போதவில்லை என்றுதான் பலரும் சொல்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வலையின் உயரத்தை. பெரும்பாலும் பெரிய பையன்கள் முந்தைய நாள் மாலை கட்டிவிட்டுப் போன 2.43 மீட்டர் வலையேதான் மறுநாள் காலையில் ஐந்தாம் வகுப்புக்கும் இருக்கும்.

2.43 மீட்டர் என்பது சர்வதேச விதியில் வளர்ந்த ஆண்களுக்கான உயரம். பெண்களுக்கு 2.24. இப்போது 135 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பத்து வயதுப் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். நின்றபடி கையை நீட்டினால் விரல்நுனி ஏறத்தாழ 175 சென்டிமீட்டரைத் தொடும். எம்பிக் குதித்தால் இன்னும் 25 சென்டிமீட்டர் கூடும் என்று வைத்துக்கொண்டால், 2 மீட்டர். ஆண்கள் வலையின் மேல்விளிம்பு அதற்கும் 43 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. இந்த நிலையில் அந்தப் பிள்ளை குதித்து அடிப்பதில் பொருளே இல்லை. கீழிருந்து இரண்டு கையாலும் பந்தை வானத்துக்குத் தள்ளுவது ஒன்றுதான் வழி. மூன்று தொடுதல்களில் ஆட்டத்தைக் கட்டுவது, தூக்கிக் கொடுப்பது, அடிப்பது, பிளாக் போடுவது எல்லாம் அங்கே இல்லாமல் போகின்றன. வருடக்கணக்கில் அப்படித் தள்ளிப் பழகிய கை, வளர்ந்த பிறகும் தோளை முழுதாகச் சுழற்றி அடிக்கத் தயங்குகிறது.

வலையின் உயரத்தை வயதுவாரியாகத் தெளிவாக வகுத்துவைத்திருக்கும் நாடு ஜப்பான். அங்கே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வலை 2 மீட்டர். ஆடுகளம் 16 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். பந்தும் வேறு: சுமார் 210 கிராம் எடையுள்ள, சற்றே சிறிய பந்து. பெரியவர்கள் ஆடும் பந்து 260 முதல் 280 கிராம். நடுநிலைப்பள்ளிக்குப் போனதும் ஆடுகளம் வழக்கமான 18க்கு 9 ஆகிறது. ஆனால் வலை ஒரேயடியாக ஏறிவிடுவதில்லை. பையன்களுக்கு 2.30, பெண் பிள்ளைகளுக்கு 2.15 மீட்டர்தான். பெரியவர்களின் உயரத்தை நெருங்குவது மேல்நிலைப் பள்ளியில்தான். அமெரிக்காவின் வயதுப் பிரிவுகளிலும் இதே போக்கைக் காணலாம். பத்து வயது வரை 1.98 மீட்டர், பன்னிரண்டு வரை 2.13, அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 2.24.

1.98 என்ற எண்ணுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் ஊரில் வில்லியம் மார்கன் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது, வலையின் உயரம் 6 அடி 6 அங்குலம் என்று வைத்தார். அதுவே 1.98 மீட்டர். அவருடைய ஆடுகளம் 50 அடிக்கு 25 அடி. மீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 15.2க்கு 7.6. அதாவது வேலை முடிந்து வந்த நடுவயது ஆண்களுக்காக அவர் வகுத்த அளவு, இன்று ஜப்பானில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் ஆடும் அளவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆட்டம் வளர்ந்து, ஆடுபவர்கள் உயரமாகி, அடியில் வேகம் கூடிய பிறகுதான் வலை மேலே போனது. சிறு பிள்ளைக்கு வலையை இறக்கினால் ஆட்டம் தரம் குறைந்துவிடும் என்று தயங்கும் ஆசிரியர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆடுகளத்தில் ஒவ்வோர் அணியின் பாதியையும் ஒரு மீட்டர் குறைத்தால் என்ன பெரிய வித்தியாசம் என்றும் கேட்பார்கள். 9க்கு 9 என்பது 81 சதுர மீட்டர், 8க்கு 8 என்பது 64. ஆறு பேர் நின்றால் முன்னதில் ஒருவர் காக்க வேண்டியது பதின்மூன்றரைச் சதுர மீட்டர், பின்னதில் பத்தே முக்கால்கூட இல்லை. பந்து விழும் இடத்துக்கு இரண்டடி எடுத்துவைத்தால் போய்விடலாம் என்ற நிலை அங்கேதான் வருகிறது. சர்வீஸ் போடும் பிள்ளையும் வலைக்கு ஒரு மீட்டர் கிட்டே நிற்கிறது.

எந்த வகுப்புக்கு எந்த உயரம் என்பதைப் பட்டியலைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டியதில்லை. பள்ளிச் சுவரில் சாக்பீஸால் உயரங்களைக் குறித்து, ஒவ்வொரு பிள்ளையும் குதித்துத் தொடும் இடத்தைப் பார்க்கலாம். வகுப்பின் நடுத்தரப் பிள்ளை தொடும் உயரத்தில், அல்லது ஒரு கைப்பிடி கீழே, வலையின் மேல்விளிம்பு இருக்கட்டும் என்பது என் கணிப்பு. பெரும்பாலும் அது ஜப்பானிய அளவுகளுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். போட்டிக்குப் போகும் அணி மட்டும், அந்தப் போட்டியின் சுற்றறிக்கையில் சொன்ன உயரத்தில் கடைசி சில வாரங்கள் ஆடிப் பழக வேண்டும்.

இனி கோடு போடும் வேலைக்கு வருவோம். ஏற்கெனவே கம்பம் நட்ட மைதானத்தில் 16க்கு 8 ஆடுகளம் போடுவதாக வைத்துக்கொள்வோம். கம்பங்களைப் பிடுங்க வேண்டாம். நடுக்கோடு இரண்டு ஆடுகளத்துக்கும் ஒன்றுதான். பக்கக்கோடுகள் இருபுறமும் அரை மீட்டர் உள்ளே வரும், கடைக்கோடுகள் ஒரு மீட்டர் உள்ளே வரும். எத்தனை மழை பெய்து கோடு அழிந்தாலும் கம்பம் நகராது என்பதால் ஒவ்வொரு முறையும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

இரண்டு கம்பங்களுக்கும் இடையே தரையோடு ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, அதன் சரிபாதியைக் குறியுங்கள். அங்கிருந்து இருபுறமும் 4 மீட்டர் அளந்து இரண்டு முளை அடியுங்கள். இவற்றை இடது முளை, வலது முளை என்று வைத்துக்கொள்வோம். இப்போது இரண்டு அளவுநாடாக்கள் வேண்டும். இடது முளையிலிருந்து ஒருவர் 8 மீட்டர் பிடிக்க, வலது முளையிலிருந்து இன்னொருவர் 11.31 மீட்டர் பிடிக்க, இரண்டு நாடாவும் தளராமல் சந்திக்கும் இடம்தான் இடது மூலை. அப்படியே இடம் மாற்றிப் பிடித்தால் வலது மூலை கிடைக்கும். இந்த இரண்டு மூலைகளுக்கும் இடையே அளந்தால் சரியாக 8 மீட்டர் வர வேண்டும். வலையின் மறுபக்கமும் இதே வேலை. 9 மீட்டர் களம் என்றால் 4க்குப் பதில் 4.5, 8க்குப் பதில் 9, 11.31க்குப் பதில் 12.73 பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அளவுக்கு முடிச்சுப் போட்ட நைலான் கயிற்றை நம்ப வேண்டாம். இழுக்கும் பலத்துக்கேற்ப அது நீளும்.

நான்கு முளைகளும் அடித்த பிறகு, கோடு போடும் முன், எதிரெதிர் மூலைகளை அளப்பதைத் தவிர்க்கவே கூடாது. 16க்கு 8 களத்தில் இரண்டு குறுக்களவும் 17.89 மீட்டர்; 18க்கு 9இல் 20.12. பக்கங்களை மட்டும் அளந்து போட்ட களத்தில் நான்கு பக்கமும் சரியாக இருந்தும் களம் கோணலாக இருக்கும். பெரிய களத்தில் ஒரு குறுக்களவு 20.21, இன்னொன்று 20.03 என்று வந்தால் வித்தியாசம் 18 சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். அதற்குப் பொருள், ஒரு கடைக்கோடு இன்னொரு கடைக்கோட்டைவிட ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் பக்கவாட்டில் விலகிவிட்டது என்பது. பக்கக்கோட்டை ஒட்டி விழும் பந்துகளில் கிட்டத்தட்ட ஒரு பந்தின் அகலம் இது. நீளமான குறுக்களவின் முனையில் உள்ள மூலைகளை உள்ளே தள்ளி, இரண்டும் சமமாகும்வரை முளைகளை நகர்த்த வேண்டும்.

அடுத்த தவறு கோட்டின் அகலத்தில் நடக்கிறது. கோடு 5 சென்டிமீட்டர் அகலம், அது களத்தைச் சேர்ந்தது. ஆகவே முளைகளைச் சுற்றிக் கட்டிய கயிறு கோட்டின் வெளிவிளிம்பு. பொடி கயிற்றுக்கு உள்ளே விழ வேண்டும். வெளியே கொட்டினால் களம் நீளத்திலும் அகலத்திலும் 10 சென்டிமீட்டர் பெருத்துவிடும். நடுக்கோடு மட்டும் கயிற்றுக்கு இருபுறமும் இரண்டரை சென்டிமீட்டர் பரவும். பெரிய களத்தின் தாக்குதல் கோட்டுக்கு 3 மீட்டர் என்பதை நடுக்கோட்டின் மையத்திலிருந்து அளக்க வேண்டும். அந்த 3 மீட்டர் தாக்குதல் கோட்டின் பின்விளிம்பு வரை. நடுக்கோட்டின் ஓரத்திலிருந்து அளப்பவர்கள் இரண்டரை சென்டிமீட்டர் தவறுகிறார்கள். தொடக்கப்பள்ளிக் களத்தில் இந்தக் கோட்டையே நான் போடச் சொல்ல மாட்டேன். முன்வரிசை, பின்வரிசை வேறுபாடு அந்த வயதுக்கு அவசியமில்லை.

மண் தரையில் செங்கல், மரச்சட்டம் பதித்துக் கோடு அமைப்பதை விதியே தடுக்கிறது. விழுந்து பந்தெடுக்கும் பிள்ளையின் முழங்கால் அதில்தான் போய் மோதும். சுட்ட சுண்ணாம்பும் வேண்டாம். ஈரம் பட்டால் சுடும், கண்ணில் பட்டால் ஆபத்து. கோலத்துக்கு விற்கும் வெள்ளைக்கல் பொடி போதும். மண் தரையில் ஒரு நேரத்தில் ஒரு களத்தின் கோடுகளை மட்டும் போடுங்கள். சிமெண்ட் தரையானால் இரண்டு நிறத்தில் நிலையாகத் தீட்டலாம்.

கடைசியாக வலை. உயரத்தைக் கம்பத்தருகே அளந்துவிட்டுப் போவதுதான் எங்கும் நடக்கிறது. வலை நடுவில் தொய்வதால் அங்கே ஐந்தாறு சென்டிமீட்டர் குறைந்திருப்பது சாதாரணம். விதிப்படி அளக்க வேண்டிய இடம் களத்தின் நடுப்புள்ளி. பக்கக்கோடுகளுக்கு நேர்மேலே இருபுறமும் உயரம் ஒன்றாக இருக்க வேண்டும். அது நடுவில் உள்ளதைவிட 2 சென்டிமீட்டருக்கு மேல் கூடக் கூடாது. கூடினால் மேல்கயிறு போதிய அளவு இழுபடவில்லை என்று அறியலாம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் குதித்துக் குதித்து வலையின் கீழே மண் பள்ளமாகியிருக்கும். பள்ளத்தில் கோலை ஊன்றி அளந்தால் உயரம் கூடுதலாகக் காட்டும், வலையைத் தேவைக்கு மேல் இறக்கிவிடுவோம். பள்ளத்தை நிரப்பித் தட்டிய பிறகே அளக்க வேண்டும். ஒரு நேரான பிளாஸ்டிக் குழாயில் 2.00, 2.15, 2.24, 2.30, 2.43 என்று ஐந்து இடங்களில் வண்ணநாடா சுற்றிவைத்துக்கொண்டால், எந்த வகுப்பு வந்தாலும் ஆட்டம் தொடங்கும் முன் பிள்ளைகளே அளந்துவிடுவார்கள். கம்பத்தில் 2.43க்கு மட்டும் கொக்கி இருந்தால், கீழே இன்னும் நான்கு கொக்கிகளைப் பற்றவைக்க ஒரு வெல்டிங் பட்டறையில் அரை நாள் வேலைதான்.