கேட்கும் செவியின் பண்பு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுங்குவார்சத்திரம் வரையிலும், தெற்கே ஒரகடம், வல்லம் வரையிலும் பரந்து கிடக்கும் தொழிற்பேட்டைகளை மோட்டார் வாகனங்களும் கைப்பேசிகளும் உற்பத்தியாகும் பிரதேசமாகவே உலகம் அறிந்திருக்கிறது. ஆயினும் பேச்சுத் தமிழில் ருசியுள்ள ஒருவனுக்கு, நாட்டின் எல்லாத் திசைகளின் வாய்மொழியும் ஒரே சாயாக் கடையின் பெஞ்சியில் வந்து அமரும் இடம் இதைவிட வேறொன்று கிடைப்பது அரிது. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அஸ்திவாரம் இடப்பட்ட பிறகும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை தொடங்கிய பிறகும், திருநெல்வேலியிலும் மதுரையிலும் ஈரோட்டிலும் டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோ முடித்த இளைஞர்கள் இங்கே வந்து அறையெடுத்துத் தங்கி, கம்பெனி பஸ்ஸில் ஏறி ஷிப்ட் பார்க்கலானார்கள். பன்னிரு நிலங்களின் வழக்குகளைத் திசைச்சொல் என்று தொல்காப்பியம் ஓர் இனமாக வகுத்தது. அத்திசைகளிற் பல இன்று ஒரே வரிசையில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கின்றன.

வட்டாரப் பேச்சு என்றவுடனே நம்மவர்கள் விசித்திரமான சொற்களைப் பட்டியலிடத் தொடங்குவார்கள். விருந்தினரைக் கொங்கு நாட்டார் ஒறம்பரை என்பதும், பேசுவதை நாஞ்சில் நாட்டார் பறைதல் என்பதும் இன்பமான சேதிகளே. ஆனால் ஊர்விட்டு ஊர் வந்தவன் முதலில் கைவிடுவது இத்தகைய சொற்களைத்தான். ஒருவனுடைய ஊரைக் கடைசிவரையில் காட்டிக் கொடுப்பவை, அவன் தன் நாவில் இருப்பதையே உணராத சிற்றசைகள். அவற்றுள்ளும் ‘கொண்டு’ என்னும் துணைவினை தேய்ந்து வந்த விதத்தை மட்டும் கவனித்தாலே ரசிகனுக்குப் போதிய விருந்துண்டு.

‘வந்துகொண்டு இருக்கிறேன்’ என்று ஏட்டில் எழுதும் நாம் எவரும் அப்படிப் பேசுவதில்லை. மதுரைக்காரர் ‘வந்துக்கிட்டு இருக்கேன்’ என்பார். கோயம்புத்தூர்க்காரர் ‘வந்துட்டு இருக்கேனுங்க’ என்பார். ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியுள்ள கிராமத்தார் ‘வந்துகினு கீறேன்’ என்பார்கள். அதே ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாள் கோயிலை ஒட்டிய வீடுகளில் வைணவப் பெரியவர் ஒருவர் ‘வந்துண்டிருக்கேன்’ என்பார். ஒரே ‘கொண்டு’ இடத்தால் கிட்டு என்றும், ட்டு என்றும், கினு என்றும் பிரிந்தது போலவே, ஒரே ஊரில் குலத்தால் கினு என்றும் ண்டு என்றும் பிரிந்து நிற்கிறது. இவற்றுள் ஒன்று தூயது, மற்றவை சிதைந்தவை என்று சொல்வதற்கு இடமே இல்லை. நான்கும் சிதைந்தவையே, நான்கும் தத்தம் ஒழுங்கு வழுவாதவையே.

இந்த வேற்றுமை செவிக்கு இன்பமூட்டுவதோடு நின்றுவிடுவதில்லை. சில சமயங்களில் பொருளையே மாற்றிவிடுகிறது. ‘கிட்டு’ என்று பேசுபவருக்குச் ‘சாப்பிட்டுக்கிட்டு பேசினாரு’ என்றால் உண்ணும்போதே பேசினார் என்றும், ‘சாப்பிட்டுட்டு பேசினாரு’ என்றால் உண்டு முடித்த பின் பேசினார் என்றும் இரண்டு வெவ்வேறு செய்திகள். முன்னது ‘கொண்டு’ என்பதன் தேய்வு. பின்னது ‘விட்டு’ என்பதன் தேய்வு. ‘ட்டு’ என்று பேசுபவருடைய வாயிலோ இவ்விரண்டும் ஒரே ஒலியாகக் கலந்துவிட்டன. ஆகவே, மேற்கு மாவட்டத்து மூத்த தொழிலாளி ஒருவர் மதுரையிலிருந்து வந்த புதிய டிரெய்னியிடம், ‘மெஷின ஓட்டிட்டு ரீடிங் பாரு தம்பி’ என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஓடும்போதே பார் என்பது அவருடைய கருத்து. ஓட்டி முடித்துவிட்டுப் பார் என்பது பையனுடைய காதில் விழுந்த கட்டளை. இருவர் மீதும் குற்றமில்லை. இலக்கணந்தான் இரண்டாக இருக்கிறது. அனுபவமுள்ள லைன் லீடர் இந்த இடத்தில் தம்மை அறியாமலே ஓர் ஏகாரத்தைச் சேர்த்து ‘ஓட்டிட்டே பாரு’ என்கிறார். அந்த ஏகாரம் விழுந்த மாத்திரத்தில் ஐயம் நீங்கி, இரு வட்டாரமும் ஒரே பொருளைக் கேட்கின்றன. இப்பிரதேசத்து ஆலைகளில் நாள்தோறும் பல ஊர்த் தமிழோடு புழங்கியவர்களுடைய பேச்சில் காணப்படும் இத்தகைய நுட்பங்களை எந்த இலக்கண ஆசிரியரும் அவர்களுக்குக் கற்பித்ததில்லை.

பொருளை விடவும் அதிகமாகத் தவறுவது மரியாதையின் அளவு. நெல்லைச் சீமைப் பையன் அறைத்தோழனைப் பார்த்து, ‘ஏலே, எங்கலே போற?’ என்று கேட்டால், சென்னைப் பக்கத்தில் வளர்ந்தவன் தன்னை ‘அடே’ என்று அதட்டியதாக முகம் சுளிக்கிறான். அந்த ‘லே’ தாமிரவருணிக் கரையில் தகப்பன் மகனுக்கும், தோழன் தோழனுக்கும் உரிமையோடு வழங்குவது. பெரியவர்களை நோக்கி அது ஒருக்காலும் வாராது. மேற்கேயிருந்து வந்தவர் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ங்க’ சேர்த்துப் பேசுவதைக் கேட்பவர்களோ, அவர் தம்மிடத்தில் அளவற்ற பணிவு காட்டுவதாகப் பூரித்துப் போகிறார்கள். அதுவும் பிழையே. கொங்கு நாட்டில் ‘ங்க’ பேச்சின் சாதாரண நிலை. அது இருப்பதில் விசேஷம் ஒன்றுமில்லை, அது இல்லாமற் போவதிலேதான் விசேஷம் இருக்கிறது. காலை முதல் ‘சரிங்க, பாக்கறேனுங்க’ என்று வந்த ஒருவர் மாலையில் ‘சரி, பாக்கறேன்’ என்று மட்டும் சொன்னால், அவருக்கு மனத்தாங்கல் ஏற்பட்டிருக்கிறது என்று ஈரோட்டுக்காரர் உடனே உணர்வார். மற்றவர்களுக்கு அது வழக்கமான பதிலாகவே ஒலிக்கும்.

இதற்கு நேர்மாறாக, அவமரியாதை காதில் விழாமலே போய்விடுவதும் உண்டு. சென்னைத் தமிழில் ‘அவங்க வந்தாங்க’ என்பது பலருக்கும் பொது, மதிப்புக்குரிய ஒருவருக்கும் பொது. மதுரைப் பக்கத்தில் இது இரண்டாகப் பிரிகிறது: மதித்துச் சொல்லும்போது ‘அவுக வந்தாக’, மதிப்பை ஒதுக்கி, கூட்டமாகக் கருதிச் சொல்லும்போது ‘அவய்ங்க வந்தாய்ங்க’. கொங்கு நாட்டாரின் ‘அவிங்க’ ஏறக்குறைய அதே ஓசையோடு முழு மரியாதையைத் தாங்கி நிற்பது. ஆகவே, மதுரை இளைஞன் மேலதிகாரிகளைப் பற்றி ‘காலையிலயே வந்துட்டாய்ங்க’ என்று சொல்லும்போது, பக்கத்திலிருக்கும் திருப்பூர்க்காரர் அதைத் தம் ஊர் ‘அவிங்க’ளோடு சேர்த்துக் கணக்கிட்டு, பையன் மரியாதையாகத்தான் பேசுகிறான் என்று எண்ணிக்கொள்கிறார், அதே பெஞ்சியில் இருக்கும் மேலூர்க்காரர் மட்டும் புன்னகை செய்கிறார். ஒரே வாக்கியம் இரண்டு செவிகளில் இரண்டு வாக்கியங்களாகிவிடுகிறது.

இவையெல்லாம் வந்தவர்களுக்குள் நேரும் தவறுகள். மிகப் பெரிய தவறு, இந்த மண்ணிலேயே பிறந்தவர்களின் பேச்சைக் கேட்கும் முறையில் நிகழ்கிறது. காஞ்சிபுரம், செங்கல்பட்டுக் கிராமங்களின் இயல்பான வழக்கு ‘இன்னா’, ‘குந்து’, ‘என்னாண்ட’, ‘அப்பால’ என்று செல்வது. ‘ஆண்ட’ என்பதில் அண்டை என்னும் நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. ‘அப்பால’ என்பதில் அப்பால் இருக்கிறது. ஆயினும், சாயாக் கடையில் ஒருவர், ‘வண்டி வந்துகினு கீதுபா, என்னாண்ட குந்து’ என்று அன்போடு இடம் ஒதுக்கிக் கொடுத்தாலும், வெளியூர்ப் பட்டதாரி அதில் கல்வியின்மையையும் முரட்டுத்தனத்தையுமே கேட்கிறான்.

இவ்வபிப்பிராயம் அவனுடைய காதில் பிறந்ததன்று. திரைப்படக் கொட்டகையில் பெற்றது. 1958-இல் வெளிவந்த ‘சபாஷ் மீனா’வில் ரிக்ஷாக்காரராக நடித்து, இந்தப் பேச்சைக் கொண்டு ஜனங்களைக் கொள்ளை கொண்ட ஜே.பி. சந்திரபாபு தூத்துக்குடியில் பிறந்தவர்; ஓர் அயலூர்ச் செவி இந்த வழக்கின் தாளத்தை எவ்வளவு நுட்பமாகப் பற்றிக்கொள்ள முடியும் என்பதற்கு அவர் சாட்சி. ஆனால் அவருக்குப் பின் வந்த படங்கள் பல, அந்த ரசனையைக் கைவிட்டு, இப்பேச்சை ரவுடிக்கும் கோமாளிக்கும் சீருடையாக மாட்டிவிட்டன.

ழகரத்தை வைத்து இதைப் பரிசோதித்துப் பார்க்கலாம். தென்பாண்டி நாட்டில் பெரும்பான்மையோர் வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்கிறார்கள். வடதமிழகத்துக் கிராமத்தார் ‘வாயப்பயம்’ என்கிறார்கள். ழகரம் ஒரு பக்கம் ளகரமாயிற்று, மறு பக்கம் யகரமாயிற்று. ஒலி நூலின் கண்ணுக்கு இரண்டும் சம அளவான மாற்றங்களே. ஆயினும் ‘வாளப்பளம்’ கேட்டவன் பேசாமலிருக்க, ‘வாயப்பயம்’ கேட்டவன் சிரிக்கிறான். சிரிப்பதற்குக் காரணம் ஒலியில் இல்லை. அந்த ஒலியை உடையவர்கள் யார் என்று அவன் முன்கூட்டியே கொண்டிருக்கும் எண்ணத்தில் இருக்கிறது. பெருமாள் கோயிலை ஒட்டிய வீடுகளில் ரசத்தைச் சாத்தமுது என்றும் பாயசத்தைத் திருக்கண்ணமுது என்றும் சொல்வதைக் கேட்டு அதே மனிதன் பக்தியோடு தலையசைக்கிறான். 1017-இல் ராமாநுஜர் அவதரித்த இந்த ஊரில், கோயிலைச் சார்ந்தவர்களின் பேச்சுக்குக் கிடைக்கும் கௌரவம், அதே ஊரின் வயலிலும் ஏரிக்கரையிலும் வாழ்ந்தவர்களின் பேச்சுக்குக் கிடைக்கவில்லை. இரண்டும் இவ்வூரின் சொத்தே.

நாளடைவில் இங்கே ஒரு பொதுப் பேச்சு உருவாகி வருவதை நான் கவனிக்கிறேன். தெற்கத்திப் பையன் ‘லே’யை அறைக்குள்ளே நிறுத்திக்கொண்டு, வெளியில் ‘டா’வும் ‘ப்பா’வும் புழங்கக் கற்றுக்கொள்கிறான், ‘சொல்லுதேன்’ என்பது ‘சொல்றேன்’ ஆகிறது, கிட்டும் ட்டும் ஒன்றையொன்று விட்டுக்கொடுத்துப் பழகுகின்றன. ஆனால் இத்தனை பேர் வந்து தங்கியும், உள்ளூரின் ‘கினு’வை மனமுவந்து ஏற்றுக்கொண்டவரைக் காண்பது அருமையாக இருக்கிறது. அதற்கு மாறாக, உள்ளூர்ப் பிள்ளைகளே ஆலையின் நேர்முகத் தேர்வுக்குச் செல்லும்போது அதை மறைக்கிறார்கள். எண்ணிக்கை மிகுந்த பேச்சு வெல்வதில்லை, மதிப்பு மிகுந்ததாக எண்ணப்படும் பேச்சே வெல்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

பேச்சை ரசிப்பதற்கு ஒரு நெறி உண்டென்றால், அது இதுதான்: ஒருவருடைய சொல்லை நம்முடைய வழக்கோடு ஒப்பிடலாகாது, அவருடைய வழக்கத்தோடு ஒப்பிட வேண்டும். அவர் நாள்தோறும் எப்படிப் பேசுவார் என்பதை முதலில் கேட்டுப் பழகி, இன்று அதிலிருந்து எங்கே விலகினார் என்று கவனித்தால், பணிவும் கோபமும் அன்பும் அவமதிப்பும் தாமே விளங்கும். அந்தப் பழக்கம் ஏற்படும் முன்பு, ‘லே’ என்றவனை முரடன் என்றும், ‘ங்க’ என்றவரைப் பணிவானவர் என்றும், ‘கினு’ என்றவரைப் படிக்காதவர் என்றும் தீர்ப்புச் சொல்வது, கேட்டவனுடைய செவியின் குறையை மட்டுமே காட்டுவதாகும். ஆகவே, ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பிழைப்புத் தேடி வரும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: இந்த மண்ணுக்குரியவர் உங்களிடம் ‘குந்து’ என்று சொன்னால், அதை உபசாரமாகவே ஏற்று, அவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.