சுரங்க ரயிலில் ஒரு சிலந்தி மனிதன்

2018-இல் வந்த 'மார்வல்ஸ் ஸ்பைடர்மேன்' விளையாட்டில் எனக்குப் பிடித்த இடம் சண்டையோ கட்டடங்களுக்கிடையே ஊஞ்சலாடுவதோ இல்லை. வேகப் பயணம் தேர்ந்தெடுத்தால் வரும் குட்டிக் காட்சி. முகமூடியோடு சுரங்க ரயிலில், மற்ற பயணிகளுக்கு நடுவே அவன் சும்மா உட்கார்ந்திருப்பான். அது உண்மையில் லோடிங் திரை. அது ஏன் தேவைப்பட்டது என்று பார்த்தால்தான் இந்த விளையாட்டு தரும் சுதந்திரத்தின் விலை புரியும்.

மன்ஹாட்டன் முழுவதும் பிளேஸ்டேஷன் 4-இன் நினைவகத்தில் அடங்காது. அதனால் நகரத்தைச் சதுரங்களாக வெட்டி, வீரனைச் சுற்றியிருப்பதை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு கணக்குப் போடுவோம். சதுரம் 128 மீட்டர், வேகம் விநாடிக்கு 30 மீட்டர், சுற்றி மூன்றுக்கு மூன்று சதுரங்கள். ஒரு சதுரத்தைக் கடக்க நாலு விநாடிதான். அதற்குள் பின்னாலிருக்கும் மூன்றை விட்டுவிட்டு, முன்னால் மூன்றை ஏற்றியாக வேண்டும். வன்தட்டு விநாடிக்கு 50 எம்பி படித்தால் மொத்தம் 200 எம்பி. ஒரு சதுரத்துக்கு 67 எம்பி கூட முழுசா கிடைக்காது.

அதுவும் தரவு வரிசையாக இருந்தால்தான். ஒவ்வொரு சதுரத்திலும் 300 பொருட்கள் தட்டில் சிதறிக் கிடந்தால், ஒவ்வொன்றையும் தேடி முள் நகர 10 மில்லிவிநாடி என்று வைத்தாலே ஒன்பது விநாடி போச்சு. கட்டடங்கள் தூரத்து மொழுக்கை வடிவத்திலேயே நிற்கும். இன்னும் தாமதமானால் காலடியில் தெருவே இருக்காது. அதனால் ஒரு சதுரத்துக்கு வேண்டியதையெல்லாம் ஒரே கட்டாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறார்கள். ஒரே தபால்பெட்டி பல சதுரங்களில் இருந்தால், அத்தனை கட்டிலும் அதற்கு நகல். இந்த விளையாட்டில் சில தரவுகள் 400 தடவை பதிவாகியிருப்பதாக பிளேஸ்டேஷன் 5-இன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி 2020 உரையில் சொன்னார். வீணடிப்பு மாதிரி தெரியும். ஆனால், அங்கே இடத்தைக் கொடுத்து நேரத்தை வாங்கியிருக்கிறார்கள்.

எல்லைக்கோட்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கோட்டின் மேலேயே முன்னும் பின்னும் ஆடினால், அதே சதுரங்களை ஏற்றி இறக்கியே தட்டு களைத்துவிடும். இந்த மாதிரி அமைப்புகளில் இறக்கும் தூரத்தை ஏற்றும் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக வைப்பது அதனால்தான்.

ஊஞ்சலாடும்போது இந்தக் கணக்கு தாங்கும். நகரத்தின் மறுமுனைக்கு ஒரே தாவலில் போகும்போது தாங்காது. எல்லாச் சதுரங்களும் புதுசு. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ரயில் காட்சி. பிளேஸ்டேஷன் 5-இல் திடநிலைச் சேமிப்பகம் வந்ததும் அந்தக் காத்திருப்பு கிட்டத்தட்ட காணாமல் போனது. ரயிலுக்கு இனி வேலை இல்லை.

முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நகரத்தில் அவன் யாரையும் காப்பாற்றாமல், நம்மைப் போல ஊர் போய்ச் சேரக் காத்திருந்த இடம் அது ஒன்றுதான். அதை எழுதவைத்தது மெதுவான ஒரு வன்தட்டு.