நீர் ஓடாத வேளையில் ஓடும் பம்பு: மாறா அழுத்த முறையின் வலிமையும் குறையும்

மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் நீருக்கு உயர வேறுபாடு தரும் அழுத்தம் மட்டுமே உண்டு என்பதால், தொட்டிக்கு மூன்று மீட்டர் கீழே இருக்கும் மேல்தளக் குளியலறையில் ஏறத்தாழ 0.3 பார் அழுத்தமே கிடைக்கிறது. தரைத்தளத்திலோ அதைப் போலப் பல மடங்கு கிடைக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வைப் போக்க, சம்ப்பிலிருந்து நீரை நேரடியாகக் குழாய்களுக்குள் செலுத்தி, எத்தனை குழாய்கள் திறந்திருந்தாலும் அழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் பூஸ்டர் பம்புகள் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பரவலாகப் பொருத்தப்படுகின்றன. இவற்றில் அழுத்த டிரான்ஸ்மிட்டர் குழாயின் அழுத்தத்தை மின்னோட்டக் குறிகையாக மாற்றி அனுப்புகிறது, வி.எஃப்.டி. எனப்படும் அதிர்வெண் மாற்றி அக்குறிகையை வேண்டிய அளவோடு ஒப்பிட்டு, மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தின் அதிர்வெண்ணையும், அதன் வழியே மோட்டாரின் வேகத்தையும் கூட்டிக் குறைக்கிறது. அளவிடுதல், ஒப்பிடுதல், திருத்துதல், மீண்டும் அளவிடுதல் என இடைவிடாது சுழலும் இந்தத் தொடரே பின்னூட்டு வளையம் எனப்படுகிறது.

இம்முறையை எடைபோட ஒரு குறிப்பிட்ட நிலையமைப்பை எடுத்துக்கொள்வது நல்லது. தரையில் பம்பும், அதற்கு 15 மீட்டர் மேலே கடைசிக் குழாயும் இருக்கும் ஒரு கட்டடத்தில், அந்த உயரத்துக்கு 1.5 பார், குழாய் உராய்வுக்கு 0.3 பார், குழாய்முனையில் மிஞ்ச வேண்டியது 1.2 பார் எனக் கூட்டினால், பம்பின் வெளிவாயில் 3 பார் தேவை, அது 30.6 மீட்டர் நீர் உயரத்துக்குச் சமம். தேர்ந்தெடுத்த பம்பு 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 150 லிட்டரை இந்த உயரத்துக்குத் தள்ளும் என்றும், வால்வை முழுதும் மூடினால் 45 மீட்டர் வரை அழுத்தம் எழுப்பும் என்றும் கொள்ளலாம். வேகத்தைக் குறைத்தால் பம்பு எழுப்பும் உயரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்ற விதிப்படி, 3 பாரை வெறுமனே தாங்கி நிற்கவே இந்தப் பம்புக்கு ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ் வேண்டும். அதாவது ஒரு துளி நீரும் ஓடாத நிலைக்கும் முழுத் தேவை நிலைக்கும் இடையே இருப்பது வெறும் 9 ஹெர்ட்ஸ்தான். இம்முறையின் நன்மைகளும் குறைகளும் பெரும்பாலும் இந்தக் குறுகிய இடைவெளியிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் மின்சிக்கனத்தைப் பற்றிய வாதத்தைப் பார்க்க வேண்டும், ஏனெனில் விற்பனையில் முன்வைக்கப்படுவது அதுவே. வேகம் பாதியானால் மின்தேவை எட்டில் ஒன்றாகிவிடும் என்ற மும்மடி விதி உண்மையானதுதான். ஆனால் உராய்வு மட்டுமே தடையாக இருக்கும் அமைப்புக்கே அது அப்படியே பொருந்தும். மாறா அழுத்த முறையில் நீரின் அளவு பாதியானாலும் தள்ள வேண்டிய உயரம் 30.6 மீட்டராகவே இருப்பதால், நீருக்குள் செலுத்த வேண்டிய ஆற்றலே சரிபாதிக்குக் கீழே இறங்காது. அப்படியிருக்க மோட்டாரின் மின்தேவை மட்டும் எட்டில் ஒன்றாவது இயலாத செயல். மேலே சொன்ன பம்பில் நிமிடத்துக்கு 75 லிட்டருக்கான வேகத்தைக் கணக்கிட்டால் 43.6 ஹெர்ட்ஸ் வருகிறது. அதே 75 லிட்டரை வேகம் மாறாத பம்பு 41 மீட்டருக்கு மேல் தள்ளிக்கொண்டிருக்கும் என்பதால், அதனோடு ஒப்பிடும்போது கிடைக்கும் சேமிப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இது மதிக்கத்தக்க சேமிப்பே. ஆனால் ஒப்பீடு மேல்நிலைத் தொட்டியோடு என்றால் நிலைமை தலைகீழாகிறது: தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் 20 மீட்டருக்குச் சற்று மேல் மட்டுமே ஏற்றுகிறது, தன் திறன் மிகுந்த நிலையிலேயே ஓடி நின்றுவிடுகிறது, மின்வெட்டு நேரத்திலும் தொட்டி நீர் தருகிறது. ஆகவே மாறா அழுத்தம் ஒரு வசதி, அதற்கு ஒரு விலை உண்டு என்று சொல்வதே நேர்மையானது. மேல் இரு தளங்களுக்கு மட்டும் தொட்டியடியில் சிறு பூஸ்டர் வைத்து, மற்றத் தளங்களை இயற்கை அழுத்தத்துக்கே விட்டுவிடும் நடுவழி, பல கட்டடங்களுக்கு இதைவிடப் பொருத்தமாக இருக்கும்.

வசதி என்ற அளவில் இம்முறை வெற்றி பெறுவது பின்னூட்டு வளையம் சரியாக அமைந்தால்தான். அதன் அடிப்படை டிரான்ஸ்மிட்டரின் அளவீடு. 0 முதல் 10 பார் வரை அளக்கும் டிரான்ஸ்மிட்டர் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை மின்னோட்டம் தருமானால், 3 பாருக்கு 8.8 மில்லி ஆம்பியர் வர வேண்டும். சுழியத்துக்கும் 4 மில்லி ஆம்பியர் வைத்திருப்பதன் நோக்கமே, கம்பி அறுந்தால் மின்னோட்டம் அதற்குக் கீழே விழுந்து பழுதைக் காட்டிக்கொடுப்பதுதான். உள்ளீட்டை 0 முதல் 20 எனத் தவறாக அமைத்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடுவதோடு, திரையில் 3 பார் என்று காட்டும்போது குழாயில் உண்மையில் 1.25 பாரே இருக்கும். அருகில் ஒரு முள் அழுத்தமானியைப் பொருத்தி இரண்டையும் ஒப்பிட்டால் இப்பிழை உடனே வெளிப்படும். டிரான்ஸ்மிட்டர் இருக்க வேண்டிய இடம் என்.ஆர்.வி. எனப்படும் பின்னோட்டத் தடுப்பு வால்வுக்கு அப்பால். வால்வுக்கு முன்னால் வைத்தால், பம்பு நின்றதும் அது குழாயின் அழுத்தத்தைக் காணாமல் பம்பின் அழுத்தத்தையே காணும்.

அடுத்தது பி.ஐ.டி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கணக்கு. இதில் விகித உறுப்பு, அந்நேரத்துப் பிழையை ஒரு பெருக்கத்தால் பெருக்கி வேகத்தைத் திருத்துகிறது; தொகை உறுப்பு, பிழை நீடிக்கும் வரை திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறது; பிழை மாறும் வேகத்தைப் பார்க்கும் மூன்றாவது உறுப்பு, குழாய் அழுத்தத்தின் நடுக்கத்தைப் பெரிதாக்கிவிடும் என்பதால் இப்பணியில் சுழியமாகவே விடப்படுகிறது. பெருக்கம் 2, தொகை நேரம் 5 வினாடி என்று தொடங்கினால், அழுத்தம் 0.3 பார் குறையும்போது அது டிரான்ஸ்மிட்டர் அளவின் 3 விழுக்காடு என்பதால், வேகம் உடனே 6 விழுக்காடு, அதாவது 3 ஹெர்ட்ஸ் ஏறும். பிழை அப்படியே நீடித்தால் ஒவ்வோர் 5 வினாடிக்கும் மேலும் 3 ஹெர்ட்ஸ் சேரும். மொத்த இடைவெளியே 9 ஹெர்ட்ஸ் என்பதை நினைத்தால் இது சிறிய அசைவன்று. இதே பெருக்கத்தை வைத்துக்கொண்டு 0 முதல் 6 பார் வரையிலான டிரான்ஸ்மிட்டரை மாற்றிப் பொருத்தினால், அதே 0.3 பார் 5 விழுக்காடாகி வளையம் இன்னும் முரட்டுத்தனமாக நடந்துகொள்ளும். ஒரு கட்டடத்தில் நன்றாக ஓடிய எண்களை இன்னொன்றில் அப்படியே பதிவது பலிக்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்; சில கருவிகளில் தொகை உறுப்பு நேரமாக அல்லாமல் பெருக்கமாகக் குறிக்கப்பட்டு, எண் கூடினால் வேகம் கூடும் வகையில் இருப்பது மற்றொன்று.

அழுத்தம் ஏறி இறங்கி ஊசலாடத் தொடங்கினால், முதல் வேலையாகக் கருவியைக் கைமுறைக்கு மாற்றி ஒரே அதிர்வெண்ணில் ஓட விட வேண்டும். அப்போதும் ஊசல் தொடர்ந்தால் குற்றம் கணக்கில் இல்லை. உறிஞ்சுகுழாயில் நுழையும் காற்றையோ, படபடக்கும் என்.ஆர்.வி.யையோ தேட வேண்டும். ஊசல் நின்றுவிட்டால் பெருக்கத்தைப் பாதியாக்க வேண்டும். வேகமான நடுக்கம் மறைந்து மெதுவான அலை மட்டும் எஞ்சினால் தொகை நேரத்தைக் கூட்ட வேண்டும். பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போவது முடுக்க நேரம். மோட்டார் சுழியத்திலிருந்து 50 ஹெர்ட்ஸுக்கு ஏற 30 வினாடி என்று விட்டிருந்தால், 9 ஹெர்ட்ஸ் ஏறவே 5 வினாடிக்கு மேல் ஆகும். அதற்குள் தொகை உறுப்பு தேவைக்கு மேல் சேர்த்துவிட்டு, பிறகு அதைத் திரும்பக் கழிக்கும். பி.ஐ.டி. எண்களை எத்தனை முறை மாற்றினாலும் தீராத ஊசல், முடுக்க நேரத்தை 5 வினாடிக்குக் குறைத்ததும் அடங்கிவிடுவதுண்டு. வெறும் குழாயில் முதல்முறை நீர் நிரப்பும்போது மட்டும் மெதுவாக ஏறுவது நல்லது.

இதுவரை சொன்னவை எல்லாம் திருத்தக்கூடியவை. இம்முறையின் உள்ளார்ந்த குறை, நீர்த்தேவை மிகக் குறையும் நேரத்தில் வெளிப்படுகிறது. எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும் இரவில் பம்பு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் 41 ஹெர்ட்ஸில் உள்ளிருக்கும் நீரையே கலக்கிச் சூடாக்கிக்கொண்டிருக்கும், சீல் கெடும். இதற்காக, அதிர்வெண் ஓர் அளவுக்குக் கீழே சில வினாடிகள் இருந்தால் பம்பை உறங்க வைக்கும் ஏற்பாடு கருவியில் உண்டு. அதை 30 ஹெர்ட்ஸ் என வைத்தால், 3 பாரைத் தாங்கும் பம்பு ஒருபோதும் 41க்குக் கீழே இறங்காது என்பதால் உறக்கமே வராது. 42 என வைத்தால் வேறொரு தொல்லை: கணக்குப்படி அந்த வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 லிட்டர் ஓடிக்கொண்டிருக்கும், ஒருவர் ஷவரில் குளித்துக்கொண்டிருக்கும்போதே பம்பு உறங்கி விழித்து உறங்கும். நீரே ஓடாத நிலைக்கும் 20 லிட்டர் ஓடும் நிலைக்கும் இடையே உள்ள வேறுபாடு 0.2 ஹெர்ட்ஸ்தான் என்பதால், அதிர்வெண்ணை வைத்துச் சிற்றோட்டத்தை அறிவது ஏறத்தாழ குருட்டுக் கணிப்பே. 41.5 என நுணுக்கமாக வைத்தாலும், சம்ப்பில் நீர்மட்டம் 1.5 மீட்டர் இறங்கியதும் தாங்கும் வேகமே 42.2 ஆகிவிட, பம்பு மறுபடி உறங்காமல் ஓடும்.

உறக்கத்தைத் தாங்கப் பொருத்தப்படும் சிறு பிரஷர் டேங்க் இக்குறையை மறைக்கிறது, நீக்கவில்லை. உறங்குமுன் அழுத்தத்தை 3.3 பாருக்கு உயர்த்தி, 2.6 பாரில் விழிக்க வைத்து, காற்றழுத்தத்தை நீரில்லாத நிலையில் 2.3 பாராக நிரப்பினால், 24 லிட்டர் டேங்க் ஏறத்தாழ மூன்றரை லிட்டர் நீரைத் தரும். ஃபிளஷ் டேங்கில் நிமிடத்துக்கு 200 மில்லி ஒழுகினால் பம்பு ஏறத்தாழ பதினெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை விழிக்கும். அழுத்தத்தை உயர்த்தாமல் உறங்கினால் பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை.

இந்த நிலையில் உறக்க முடிவை அதிர்வெண்ணின் கையிலிருந்து எடுத்து, நீரோட்டத்தை நேரடியாக உணரும் ஃபிளோ ஸ்விட்சிடம் கொடுப்பதே தக்க வழி. அதைப் பொருத்த இடமில்லாத இடத்தில், கருவி அவ்வப்போது வேகத்தைச் சற்றுக் குறைத்து அழுத்தம் விழுகிறதா என்று பார்க்கும் ஏற்பாட்டை நாடலாம், என்.ஆர்.வி. பிடித்து நிற்க அழுத்தம் விழாமலிருந்தால் வெளியே நீரோட்டம் இல்லை என்று பொருள். பம்பை ஒப்படைக்கும் நாளில் வெளிவாய் வால்வை மூடி, சம்ப் நிறைந்திருக்கும்போதும் ஃபிளோட் ஸ்விட்ச் நிறுத்தும் அடிமட்டத்துக்குச் சற்று மேலேயும் தாங்கும் அதிர்வெண்ணைக் குறித்துக்கொண்டால், இவ்விரு எண்களின் இடைவெளியே அதிர்வெண் உறக்கத்தை நம்பலாமா என்பதைச் சொல்லிவிடும்.