பகல் 2 மணிக்கு ஒரு டெஸ்ட் டிரைவ்

வேலூர் மாதிரி ஊரில் கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டெஸ்ட் டிரைவ் வண்டி நிழலில் நின்று, ஏ.சி. ஓடி, குளுகுளுவென்று காத்திருக்கும். அதில் எந்த ஏ.சி.யும் பாஸ்!

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 38 டிகிரியைத் தாண்டிய நாட்களில் கார்களை வெயிலில் நிறுத்தி அளந்ததை 2018-ல் வெளியிட்டார்கள். ஒரே மணி நேரத்தில் உள்ளே காற்று சராசரி 47 டிகிரி. டாஷ்போர்டு 69! ஆக, ஏ.சி. குளிரவைக்க வேண்டியது காற்றை மட்டுமல்ல, இந்தச் சுட்ட பிளாஸ்டிக்கையும்தான்.

எனவே மே மாதப் பகல் 2 மணிக்கு, ஒரு மணி நேரம் வெயிலில் காய்ந்த வண்டியைக் கேளுங்கள். முதலில் கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை விரட்டிவிட்டு ஏ.சி. போடுங்கள். ஓடும்போது ஜில்லென்றுதான் வரும். சிக்னலில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். பெட்ரோல் காரில் கம்ப்ரஸரைச் சுற்றுவது எஞ்சின். நிற்கும்போது அது மெதுவாகிறது, முன்னாலிருக்கும் கண்டென்ஸருக்கும் எதிர்க்காற்று இல்லை. அப்போது வெதுவெதுப்பாக ஊதினால் அந்த வண்டி வேண்டாம்.

டாஷ்போர்டில் எனக்குப் பளபளக் கறுப்பும் பிடிக்காது, க்ரீமும் பிடிக்காது. கறுப்பு கொதிக்கும். க்ரீம் உச்சி வெயிலில் முன்கண்ணாடியில் பிரதிபலித்து ரோட்டை மறைக்கும். பளபளப்பில்லாத சாம்பல் நிறம் தேவலை. மெத்தென்ற மேல்பூச்சு சில வண்டிகளில் நாலைந்து கோடையில் பிசுபிசுத்துவிடும்; அதே மாடலின் பழைய வண்டியைத் தொட்டுப் பாருங்கள்.

சேல்ஸ் பையன், "வெயில்ல வேணாம் சார், வண்டி சூடாயிடும்" என்பான். "அதுக்குத்தாம்ப்பா" என்று சொல்லுங்கள்.