சாய்ந்த அம்புகள்
மூன்று செங்குத்துக் கோடுகள், அ, ஆ, இ. ராஃப்ட் முறையில் மூன்று கணினிகள் தலைமையைத் தேர்ந்தெடுப்பதை வரைய இவ்வளவு போதும். தலைமையான அ-விலிருந்து மற்ற இரண்டுக்கும் ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று சீராக அம்புகள் போகின்றன. அவற்றைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து வரைவது எனக்குப் பிடிக்கும். செய்தி போய்ச்சேர நேரமாகும் என்பதைச் சாய்வே சொல்லிவிடும். பிறகு அ-வின் கோட்டில் ஒரு பெருக்கல் குறி. அதன்கீழ் வெற்றிடம். அவசரக்காரர்கள் இதைச் சுருக்கிவிடுவார்கள். படத்தின் அழகே இங்கேதான். ஆ-வும் இ-யும் 150 முதல் 300 மில்லிவினாடிக்குள் ஏதோ ஒரு கெடுவைத் தற்செயலாக எடுத்துக்கொண்டு காத்திருக்கின்றன. இரண்டு கெடுவும் ஒன்றாக முடிந்தால் இரண்டும் தமக்கே வாக்களித்துவிடும். யாருக்கும் பெரும்பான்மை வராது.

ஆ-வின் கெடு 170, இ-யின் கெடு 260 என்று வைப்போம். ஆ முந்திக்கொள்கிறது. தவணை எண்ணை 1-இலிருந்து 2 ஆக்கி, தனக்கே வாக்களித்து, மற்ற இரண்டிடமும் வாக்குக் கேட்கிறது. அ-வுக்குப் போன அம்புக்குப் பதிலில்லை. இ-யிடமிருந்து சம்மதம் சாய்ந்து வருகிறது. மூன்றில் இரண்டு, போதும். பின்னர் அ உயிர்த்தெழுந்தாலும், தவணை 2 என்ற அம்பைப் பார்த்துப் பின்தொடரத்தான் வேண்டும். அம்பின்மேல் தவணை எண் எழுதாத படத்தை நான் முடிந்த படமாக ஏற்பதில்லை.